கம்பி எப்போது அறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பத்து மீட்டர் நீளமுள்ள சாதாரண மென்எஃகுக் கம்பி ஒன்று உயரத்திலிருந்து தொங்குவதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்குவெட்டு ஒரு சதுர மில்லிமீட்டர், அதாவது பென்சில் முனையின் கனம்கூட இருக்காது. இதன் நுனியில் எடைகளை ஒவ்வொன்றாக மாட்டப்போகிறோம்.

முதலில் பத்து கிலோ. கம்பி 5 மில்லிமீட்டர் நீளும். இருபது கிலோ மாட்டினால் 10 மில்லிமீட்டர். எடையைக் கழற்றினால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். இழுப்பு இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கிறது என்பதைக் கண்டவர் ராபர்ட் ஹூக். வேறு யாரும் முந்திவிடக் கூடாதென்று 1676-இல் அதை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டார். விடையை 1678-இல்தான் சொன்னார்.

கம்பி தடிமனாக இருந்தால் அதே எடைக்குக் குறைவாகத்தான் நீளும். அதனால் எடையை மட்டும் பார்த்தால் போதாது. இழுக்கும் விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்க வேண்டும். அப்படிக் கிடைப்பது தகைவு. அதேபோல, நீண்ட அளவை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. நம் கம்பியில் இருபது கிலோவுக்குத் திரிபு ஆயிரத்தில் ஒரு பங்கு. அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் சிறு சுருள்வில் போல அத்தனை விரிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இருபத்தைந்து கிலோவுக்கு அருகில் கதை மாறுகிறது. எடையை ஏற்றாமலே கம்பி சற்று இறங்கிக்கொண்டே போகும். உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கிவிட்டன. மீட்சி எல்லை தாண்டியாயிற்று. இனி எடையைக் கழற்றினாலும் வில் போல விரிந்த பங்கு மட்டும்தான் திரும்பும். வழுக்கிய பங்கு அப்படியே நின்றுவிடும். கம்பி அறவில்லைதான், ஆனால் அது பழைய கம்பியும் இல்லை.

அப்புறம் ஒரு விந்தை. வழுக்க வழுக்க உலோகம் இறுகுகிறது, மேலும் எடை தாங்குகிறது. பழைய மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை இரண்டு குறடுகளால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் வெண்ணெய் போல வரும், பிறகு முரண்டு பிடிக்கும். ஆனால் நீளும்போது கம்பி மெலியவும் செய்கிறது. நம் எஃகுக் கம்பி இருபது சதவீதம் நீண்டால் குறுக்குவெட்டு 0.83 சதுர மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆக, உள்ளே ஒரு போட்டி நடக்கிறது: இறுகுவதால் வலிமை கூடுகிறது, மெலிவதால் குறைகிறது. இறுகல் முந்தும் வரை எங்காவது ஓரிடம் மெலிந்தாலும் அதுவே இறுகிச் சமாளித்துக்கொள்ளும், நீட்சி மற்ற இடத்துக்குப் போய்விடும். ஏறக்குறைய நாற்பது கிலோவில் மெலிதல் ஜெயிக்கிறது. அந்தக் கணம் முதல், சற்று மெலிந்த இடம் மேலும் மெலியும். இடுப்பு போல ஒரு ஒடுக்கம் விழும். இழுவைச் சோதனை இயந்திரத்தில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, அந்த ஒரு விரல் நீளம் மட்டும் ஒடுங்கி, டப்பென்று அறும். எடை தொங்கிக்கொண்டேதான் இருப்பதால், இடுப்பு விழுந்தபின் அறுவதற்கு நேரமே ஆகாது.

வலிமையான எஃகு போட்டால் நீளாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பாரந்தூக்கி வடங்களில் போடும் எஃகு நூற்றெண்பது கிலோ வரைகூட அதே ஒரு சதுர மில்லிமீட்டரில் தாங்கும். ஆனால் பத்து கிலோவுக்கு அதுவும் அதே 5 மில்லிமீட்டர்தான் நீளும். முறுக்கிய வடமாக இருந்தால் இழைகள் நெருங்கி உட்காருவதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நீளும்.

சரி, நாற்பது கிலோ தாங்கும் என்றால் முப்பத்தைந்து மாட்டலாமா? கூடாது. எடையைக் கையில் பிடித்துப் படிப்படியாக இறக்காமல் திடீரென்று விட்டுவிட்டால், அது உண்டாக்கும் தகைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் தூக்கு வடங்களுக்கு, அறும் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் அனுமதி தருகிறார்கள்.

அப்படியும் அறுவதுண்டு. கப்பியில் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிரும் வடத்தில், மீட்சி எல்லைக்குக் கீழேயே மயிரிழை விரிசல் பிறந்து வளரும். இதற்குக் களைப்பு முறிவு என்று பெயர். அறுந்த இழையின் நுனியைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நுனி ஒடுங்கியிருந்தால் அதிகச் சுமை. ஒடுக்கமே இல்லாமல் தட்டையாக இருந்தால் களைப்பு. வடத்தைப் பரிசோதிப்பவர்கள் சுமையை இறக்கிவிட்டு, தடித்த கையுறையோடு ஒரு பழந்துணியை அதன்மேல் சுற்றி மெல்ல இழுத்துக்கொண்டே போவார்கள். துணி எங்கே மாட்டுகிறதோ, அங்கே ஓர் இழை ஏற்கெனவே அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும்.