நள்ளிரவில் பிரியும் விடுமுறை

வணக்கம். சம்பளப் பட்டியல் போடும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். விடுமுறை நாளில் வேலை செய்தவருக்கு மாற்றாகத் தரும் ஈடுசெய் விடுப்பை, அதாவது அலுவலகங்களில் ‘காம்ப் ஆஃப்’ என்கிறோமே அதை, எப்படிக் கணக்கிடுவது என்று சொல்ல அழைத்திருக்கிறார்கள். பகல் வேலைக்காரருக்கு இதில் சிக்கலே இல்லை. சிக்கல் இரவு ஷிப்டில்தான். நானே ஒருமுறை தவறு செய்துவிட்டேன். அந்தக் கதையையே சொல்கிறேன்.

இரவுக் காவலர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். அவருடைய ஷிப்ட் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. நடுவில் 2 மணிக்கு அரை மணி நேரம் சம்பளமில்லாத இடைவேளை. ஆக, ஒரு ஷிப்டுக்கு 7.5 மணி நேர வேலை. பொது விடுமுறைக்கு முந்தைய இரவும் வந்திருந்தார், விடுமுறை இரவும் வந்திருந்தார். நான் அவர் கணக்கில் 2 மணி நேரம் வரவு வைத்திருந்தேன்.

“ஐயா, இரண்டு ராத்திரி கண் விழித்ததற்கு இரண்டு மணி நேரம்தானா?” என்று கேட்டார்.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். முதல் ஷிப்ட் தொடங்கியது விடுமுறைக்கு முந்தைய நாளில், அதனால் அது சாதாரண ஷிப்ட். இரண்டாவது ஷிப்டில் நள்ளிரவு வரையிலான 2 மணி நேரம் மட்டுமே விடுமுறை நாளுக்குள் வருகிறது. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. முதல் ஷிப்டை ஒரு விதியாலும் இரண்டாவதை வேறொரு விதியாலும் அளந்திருக்கிறேன்!

இங்கே விதிகள் இரண்டு உண்டு. ஒன்று, நாள்காட்டிப்படி பிரிப்பது: நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை செய்த வேலை மட்டும் விடுமுறை வேலை. மற்றொன்று, ஷிப்ட் எந்த நாளில் தொடங்குகிறதோ அந்த நாளின் கணக்கில் முழு ஷிப்டையும் சேர்ப்பது. எந்த விதி என்பதை அந்த இடத்தின் சட்டமும் பணி ஒப்பந்தமும் சொல்லும். கணக்கர் தன் விருப்பத்துக்கு எடுக்கக் கூடாது.

காவலருக்கு இரண்டையும் போட்டுப் பார்ப்போம். நாள்காட்டிப்படி, முதல் ஷிப்டில் நள்ளிரவு முதல் 6 மணி வரை 6 மணி நேரம். அரை மணி இடைவேளை அதற்குள் விழுவதால் 5.5. இரண்டாவது ஷிப்டில் 2. மொத்தம் 7.5. தொடக்க நாள் விதிப்படி முதல் ஷிப்டுக்கு ஒன்றுமில்லை, இரண்டாவதற்கு முழு 7.5. இரண்டு இரவும் வந்தவருக்கு எந்த விதியானாலும் விடை ஒன்றுதான். கலந்தால்தான் கெடும். நான் கலந்தது 2 ஆனது. எதிர்ப்பக்கமாகக் கலந்திருந்தால் 5.5-உம் 7.5-உம் சேர்ந்து 13 ஆகியிருக்கும். ஒரே ஒரு இரவு மட்டும் வந்தவருக்கோ விதிக்கு விதி விடை மாறும். அதனால்தான் விடுமுறை முடிந்தபின் ஆளுக்கு ஏற்ப விதியைத் தேடாமல், முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

உழைத்த ஒரு மணிக்கு ஒரு மணி விடுப்பு என்று தருவது ஏன் என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாளுக்கும் சேர்த்தே சம்பளம் வந்துவிடுகிறது. அன்று உழைத்ததற்குத் தனியாகப் பணம் கிடைப்பதில்லை. அந்த நேரத்தைத்தான் ஓய்வாகத் திருப்பித் தருகிறோம். அன்றைய வேலைக்கு ஏற்கெனவே கூடுதல் ஊதியம் கொடுத்தாகிவிட்டதென்றால், சட்டமோ ஒப்பந்தமோ இரண்டும் உண்டு என்று சொன்னாலொழிய விடுப்பும் சேராது. இதைப் பார்க்காமல் இரண்டையும் கொடுத்துவிட்டுப் பிறகு பிடித்தம் செய்வது, கொடுக்காததைவிடக் கசப்பான வேலை.

சில இடங்களில் விகிதம் ஒன்றரை. அப்போது 7.5-ஐ 1.5-ஆல் பெருக்க 11.25 வரும். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இது 11 மணி 25 நிமிடம் அன்று. 11 மணி 15 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்கித்தான் நிமிடமாக்க வேண்டும்.

காவலருடைய அட்டையைத் திருத்தினேன். அவருக்கு விகிதம் ஒன்றுக்கு ஒன்றுதான். ‘1 நாள்’ என்று எழுதப் போனவன் நிறுத்திவிட்டு, ‘7 மணி 30 நிமிடம்’ என்று எழுதினேன். அடுத்த மாதம் அவரைப் பத்து மணி நேர ஷிப்டுக்கு மாற்றுவதாக ஏற்பாடு. ‘1 நாள்’ என்றிருந்தால் எந்த நாள் என்று மறுபடியும் தகராறு வந்திருக்கும். அட்டையை வாங்கிப் பார்த்த காவலர், “அப்படியானால் அந்த ஷிப்டில் லீவு எடுத்தால் இரண்டரை மணி நேரம் குறையுமே, ஐயா” என்றார். ஆமாம், குறையும். மாற்றம் வருவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அன்றே விண்ணப்பத்தை எழுதி வாங்கிக்கொண்டேன்.