முறுக்கு அக்காவின் லைக் எங்கே போனது?

வணக்கம் மக்களே. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் நின்று பேசுகிறேன், நடுவில் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராவியில் முறுக்கு சுட்டு விற்கிற அக்கா ஒருவர் நேற்று போனைக் கொண்டுவந்து காட்டினார். பழைய வீடியோக்களில் லைக் குறைந்திருக்கிறது. புது வீடியோ அவரை ஃபாலோ செய்கிறவர்களைத் தாண்டி வெளியே போகவே இல்லை. "நான் காசு கொடுத்து எதுவும் வாங்கலையே தம்பி" என்றார். உண்மைதான், வாங்கவில்லை. ஆனால் 40 பேர் கொண்ட ஒரு டெலிகிராம் குரூப்பில் இருந்திருக்கிறார். யார் வீடியோ போட்டாலும் அரை மணி நேரத்துக்குள் மற்றவர்கள் லைக் போட வேண்டும், அதுதான் அங்கே விதி.

அந்த 40 பேரும் நிஜ மனிதர்கள். தனித்தனியாக எடுத்தால் ஒரு லைக்கிலும் குற்றம் சொல்ல முடியாது. இருவரும் உட்கார்ந்து அவருடைய 15 வீடியோக்களைத் திறந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே பெயர்கள். அதே கூட்டம் ஜெய்ப்பூர் தையல்காரர் ஒருவரின் வீடியோக்களிலும் இருந்தது. எல்லாக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் அதே ஆட்கள் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் கவனிக்க மாட்டாரா?

இந்த வேலையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்து ரொம்ப நாள் ஆகிறது. ஃபேஸ்புக்கில் போலி லைக்கைப் பிடிக்க காப்பிகேட்ச் என்று ஒரு முறை உண்டு, 2013-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே பக்கங்களுக்கு, ஏறக்குறைய ஒரே நேரத்தில், கூட்டமாக லைக் போடுகிறவர்களை அது தேடும். ஒருமுறை சேர்ந்து வந்தால் போதாது, பல பக்கங்களில் அது திரும்ப நடந்திருக்க வேண்டும். அதனால் உங்கள் சித்தி, மாமா எல்லோரும் ஓடிவந்து லைக் போட்டால் பயப்பட வேண்டாம். அவர்கள் ஜெய்ப்பூர் தையல்காரரிடம் சேர்ந்து போகப் போவதில்லை.

காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர் கதை வேறு. அங்கே கணக்கே போலி, கண்டுபிடித்தால் கூண்டோடு அழித்துவிடுவார்கள். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் அப்படித் துடைத்தபோது அதன் சொந்தக் கணக்கிலேயே 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல் ஃபாலோயர் போனார்கள்.

சரி, தண்டனை என்ன? 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராம் அறிவித்தது இதுதான்: லைக்கைக் கூட்டித்தரும் வெளி ஆப்பிடம் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால், அது போட்ட லைக், ஃபாலோ, கமெண்ட் நீக்கப்படும், செய்தி வரும், பாஸ்வேர்டை மாற்றச் சொல்வார்கள். யூடியூபில் 'நீ எனக்கு சப்ஸ்கிரைப் செய், நான் உனக்கு' என்பதே விதிமீறல். முதலில் எச்சரிக்கை, அப்புறம் ஸ்ட்ரைக். முதல் ஸ்ட்ரைக்குக்கு ஒரு வாரம் வீடியோ போட முடியாது. 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனல் போய்விடும்.

இன்ஸ்டாகிராம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் Account Status திறந்து பாருங்கள். உங்கள் பதிவுகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்களா இல்லையா என்பது அங்கே தெரியும்.

அக்கா அந்த இடத்திலேயே குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டார். இன்று காலை போட்ட வீடியோவுக்கு 11 லைக். அதில் ஏழு பேர் அவரிடம் முறுக்கு வாங்குகிறவர்கள், ஒவ்வொரு பெயரையும் தொட்டுக் காட்டிச் சொன்னார்.