தகட்டில் ஓட்டை விழுந்தால் பாக்கெட் பால் என்னவாகும்? பாஸ்ச்சரைசேஷன் ஓட்டப்படம் மூன்று ஸ்லைடுகளில்

வணக்கம். பால் ஆலையில் பச்சைப் பாலும், கிருமி நீக்கப்பட்ட பாலும், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத எஃகுத் தகடுகளின் இருபுறமும் ஓடுகின்றன. அத்தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை மூன்றாம் ஸ்லைடில் காண்போம். அதற்கான காரணம் முதல் ஸ்லைடில் இருப்பதால், தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள்.

[ஸ்லைடு 1: தொட்டி → ரீஜெனரேட்டர் → பம்ப் → சூடாக்கும் பகுதி]

தொட்டியிலிருந்து 4 டிகிரி செல்சியஸில் வரும் பச்சைப் பால், மஞ்சள் பெட்டியான ரீஜெனரேட்டரில், தகட்டுக்கு அப்பால் திரும்பி வரும் சூடான பாலின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 66 டிகிரியை எட்டுகிறது. மீதமுள்ள 6 டிகிரிக்கு மட்டுமே வெந்நீர் தேவைப்படுகிறது. பம்ப் மஞ்சள் பெட்டிக்கு முன்னால் இல்லாமல் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள்.

[ஸ்லைடு 2: ஹோல்டிங் குழாய் → திருப்பு வால்வு]

72 டிகிரிப் பால் இக்குழாயைக் கடக்கக் குறைந்தது 15 விநாடிகள் ஆக வேண்டும். வெப்பமானி குழாயின் முடிவில் இருக்கிறது. அங்கே வெப்பம் குறைந்தால் வால்வு பாலைத் தொட்டிக்கே திருப்பிவிடும்.

[ஸ்லைடு 3: ரீஜெனரேட்டர் → குளிர்விப்பான்]

அதே மஞ்சள் பெட்டி மீண்டும் வருகிறது. இடமில்லாததால் படத்தை வெட்டினேனே தவிர, ஆலையில் இது ஒரே இயந்திரம்தான். பச்சைப் பாலுக்கு 62 டிகிரியைக் கொடுத்துவிட்ட பால் சுமார் 10 டிகிரிக்கு இறங்குகிறது. பிறகு குளிர்நீர் அதை 4 டிகிரிக்குக் கொண்டுவருகிறது.

இப்போது ஓட்டைக்கு வருவோம். பம்ப் பின்னால் இருப்பதால் பச்சைப் பால் மஞ்சள் பெட்டி வழியாக உறிஞ்சப்படுகிறது. சுத்தமான பாலோ அதே பம்பினால் தள்ளப்பட்டு வருகிறது. ஆகவே சுத்தமான பக்கத்தில்தான் அழுத்தம் அதிகம். ஓட்டை விழுந்தால் சுத்தமான பால் பச்சைப் பாலுக்குள் கசியுமே தவிர, எதிர்த்திசையில் கசியாது. சிறிது பால் மறுபடி சூடாகும், அவ்வளவே. எந்த உணர்கருவியையும் நம்பாமல், ஒரு பம்பை வைக்கும் இடத்தாலேயே பாதுகாப்பைப் பெற்றுவிட்ட இந்த வடிவமைப்புதான் எனக்கு இப்படத்தில் மிகவும் பிடித்தது. பம்ப் நின்றாலும் அழுத்தம் மாறாதிருக்க, வெளியேறும் குழாயைப் பச்சைப் பாலின் உச்சமட்டத்தைவிடக் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் காற்றுக்குத் திறந்துவைப்பார்கள்.

இவ்வழுத்த வேறுபாடு தலைகீழானால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பாஸ்பட்டேஸ் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். பச்சைப் பாலிலுள்ள அந்த நொதி சரியான பாஸ்ச்சரைசேஷனில் அழிந்துவிடும் என்பதால், பாக்கெட்டில் அது தென்பட்டால் பால் போதிய அளவு சூடாகவில்லை அல்லது பச்சைப் பால் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது வெப்பப் பதிவுத் தாளைப் பாருங்கள்: முழு நேரமும் 72 டிகிரிக்குக் குறையாமல், வால்வும் ஓட்டமும் சரியாக இருந்தால், அடுத்துக் கழற்றிப் பார்க்க வேண்டியது ரீஜெனரேட்டர் தகடுகளைத்தான்.