பூ மட்டும் நீலம்: பிரின்டட் சேலையில் ஒரே ஒரு நிறத்தை மாற்றுவது

திரையில்: கிரீம் நிறக் காட்டன் சேலை. மேலே சிவப்புப் பூ, பூவின் நடுவில் மஞ்சள், பச்சை இலை, பழுப்புக் காம்பு.

வணக்கம். நகரியிலிருந்து பேசுகிறேன். ஆந்திர எல்லையில் இருக்கிற விசைத்தறி ஊர் இது. இங்கே கடை வாசலில் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். சேலைக் கடைகளுக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிற கேட்டலாக் படங்களைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை.

இந்தச் சேலை நான்கு கலரில் வருகிறது. டிசைன் ஒன்றுதான், பூவின் நிறம் மட்டும் மாறும். படம் எடுக்கிற அன்றைக்குச் சிவப்பு மட்டும் வந்து சேர்ந்திருந்தது. நீலத்துக்கு உள்ளங்கை அளவு கட் பீஸ் ஒன்று இருந்தது. கடைக்கார அக்கா, "தம்பி, பூவை மட்டும் நீலமாக்கிடு, மத்ததைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் இரண்டாவது பாதிதான் கஷ்டம்.

திரையில்: ஃபோட்டோஷாப். Hue/Saturation அட்ஜஸ்ட்மென்ட் லேயர் திறக்கிறது. Master என்ற இடத்தில் Reds தேர்வாகிறது. Hue ஸ்லைடர் இடது பக்கம் நகர்கிறது.

எல்லாரும் முதலில் செய்வது இதுதான். Reds என்று எடு, ஹ்யூவைத் தள்ளு, பூ நீலமாகிவிடும். ஆகிவிட்டது, பாருங்கள். இப்போது காம்பைப் பாருங்கள். பழுப்பாக இருந்தது ஊதாவாகிவிட்டது. கிரீம் தரையும் லேசாக ரோஸ் அடிக்கிறது. இதைக் கவனிக்காமல் நான் ஒரு முறை படத்தை அனுப்பிவிட்டேன். வாங்கியவர் "ரோஸ் கலர் சேலைதானே கேட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஹ்யூ என்பது ஒரு வட்டம். சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. ஒரு சுற்றுச் சுற்றி 360-இல் மறுபடியும் சிவப்புக்கே வந்துவிடும். Reds என்று நாம் எடுக்கும்போது ஃபோட்டோஷாப் கீழே நான்கு எண்களைக் காட்டும்.

```
315°/345°  15°\45°
```

நடுவில் இருக்கிற இரண்டு எண்கள்தான் முழுசாக மாறுகிற பகுதி. அதாவது 345-இலிருந்து 0-வைத் தாண்டி 15 வரை. ஓரத்தில் இருக்கிற இரண்டும் சரிவு. 15-இல் முழு மாற்றம், போகப்போகக் குறைந்து 45-இல் ஒன்றுமில்லை. சிவப்பு என்று பெயர் போட்டிருந்தாலும் 45 டிகிரி வரைக்கும் அதன் கை நீளும். பழுப்பு, ஆரஞ்சு, கிரீம், மனிதத் தோல் எல்லாமே பெரும்பாலும் 0-க்கும் 45-க்கும் நடுவில்தான் குடியிருக்கின்றன. சேலையை ஒருவர் கையில் பிடித்து எடுத்த படமாக இருந்தால் விரல்களும் சேர்ந்தே நிறம் மாறும்.

திரையில்: Info பேனல் HSB-க்கு மாறுகிறது. ஐட்ராப்பர், 5 by 5 Average.

அதனால் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். ஐட்ராப்பரை 5 by 5 Average என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பிக்ஸலை எடுத்தால் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு எண் வரும், நம்ப முடியாது. இந்தப் படத்தில் எனக்குக் கிடைத்தவை இவை. பூவின் வெளிச்சமான இடம் 4, நடுத்தர இடம் 358, மடிப்பின் இருட்டு 350. காம்பு 22. கிரீம் 38. பூவின் நடு மஞ்சள் 48. இலை 100.

இப்போது கணக்குப் புரியும். பூவை 358-இலிருந்து கட் பீஸின் நீலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதே ஜன்னல் வெளிச்சத்தில் கட் பீஸைப் படம் எடுத்து அளந்தால் 215 வந்தது. ஆகவே ஹ்யூ ஸ்லைடரில் மைனஸ் 143. காம்பு 22, சரிவில் ஏறக்குறைய முக்கால்வாசி உயரத்தில் நிற்கிறது. அதனால் 143-இல் முக்கால்வாசி தள்ளப்பட்டு 270 பக்கம் போய் ஊதாவாக நிற்கிறது. கிரீம் சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது. அதற்குக் கால் பங்குகூட இல்லை, முப்பது டிகிரி சில்லறைதான் நகர்கிறது, ரோஸாகிவிடுகிறது. சரிவில் மாட்டிக்கொண்ட நிறம் நீலமும் ஆகாது, பழைய இடத்திலும் இருக்காது. நடுவழியில் எதுவாகவோ இறங்கிவிடும்.

திரையில்: கீழே இரண்டு வானவில் பட்டைகள். நடுவே இரண்டு சின்னக் கோடுகள், ஓரத்தில் இரண்டு முக்கோணங்கள்.

சரி, இந்த நான்கு எண்கள் போடுகிற வேலியைக் குறுக்குவோம். ஹ்யூவைத் திரும்ப 0-க்குக் கொண்டுவந்துவிட்டு, Saturation-ஐ பிளஸ் 100-க்கு ஏற்றுங்கள். படம் கண்ணைக் குத்தும், பரவாயில்லை. பலர் இங்கே மைனஸ் 100 வைத்துச் சோதிப்பார்கள். பூ சாம்பலாகும், அது நன்றாகத் தெரியும். ஆனால் கிரீம் ஏற்கெனவே வெளிறிய நிறம். அது சாம்பலானாலும் கண்ணுக்குப் பிடிபடாது. பிளஸ் 100 வைத்தால் வேலிக்குள் மாட்டியிருக்கிற கிரீம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

வலது பக்க முக்கோணத்தை உள்ளே இழுங்கள். 45 குறையக் குறைய முதலில் தரை அடங்கும், அப்புறம் காம்பு அடங்கும். காம்பு 22 என்பதால் நான் 18-இல் நிறுத்தினேன். உள்கோட்டை 15-இலிருந்து 12-க்குக் கொண்டுவந்தேன். இடது பக்கம் கையே வைக்கவில்லை. 315 பக்கம் இந்தத் துணியில் ரோஸோ ஊதாவோ கிடையாது. ஆளில்லாத பக்கத்தில் கேட் திறந்தே கிடக்கட்டும்.

```
315°/345°  12°\18°
Hue -143
```

Saturation-ஐ 0-க்குக் கொண்டுவந்துவிட்டு மைனஸ் 143 வைக்கிறேன். பூ நீலம், காம்பு பழுப்பு, தரை கிரீம். மடிப்பின் 350 இப்போது 207, வெளிச்சத்தின் 4 இப்போது 221. எல்லாம் ஒரே அளவு நகர்ந்ததால் மடிப்பு மடிப்பாகவே தெரிகிறது. பெயின்ட் அடித்த மாதிரி தட்டையாகவில்லை. Colorize என்ற டிக் பெட்டியை நான் தொடாததற்கு இதுதான் காரணம். அது வேலி எதையும் மதிக்காது, மொத்தப் படத்துக்கும் ஒரே ஹ்யூவைப் பூசிவிடும்.

12-க்கும் 18-க்கும் நடுவே ஆறு டிகிரிதான் சரிவு விட்டிருக்கிறேன். இன்னும் குறைத்தால் பூவின் ஓரம் எலி கடித்த மாதிரி பிசிறடிக்கும்.

திரையில்: 200% ஜூம். பூவும் இலையும் ஒட்டுகிற இடம்.

இங்கேதான் இந்த முறையின் எல்லை தெரியும். நீலப் பூவைச் சுற்றிப் பாருங்கள். கிரீமைத் தொடுகிற ஓரம் சுத்தமாக இருக்கிறது. இலையைத் தொடுகிற ஓரத்தில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு.

ஓரத்துப் பிக்ஸல்களில் இரண்டு நிறமும் கலந்திருக்கும். சிவப்பும் கிரீமும் பாதிக்குப் பாதி கலந்தாலும் ஹ்யூ 4 பக்கம்தான் நிற்கும், ஏனென்றால் கிரீமில் நிறமே குறைவு. அதனால் ஓரமும் பூவோடு சேர்ந்து நீலமாகிவிட்டது. ஆனால் இதே சிவப்பும் இலைப் பச்சையும் பாதிக்குப் பாதி கலந்தால் வருவது 22. நம் காம்பின் அதே 22! ஹ்யூவை மட்டும் வைத்துக்கொண்டு எது காம்பு, எது ஓரம் என்று எந்த ஸ்லைடராலும் சொல்ல முடியாது. போன் எடுக்கிற ஜேபெக் படங்களில் இது இன்னும் கூடும். வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைக் கொஞ்சம் மொத்தையாகவும் சேமிப்பது அந்த வகைப் படங்களின் வழக்கம். அதனால் நிறம் கோட்டைத் தாண்டிக் கசிந்திருக்கும். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக வந்தால் அதற்கு மேல் ஒரு முறை நசுங்கியிருக்கும். படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி நான் அடம் பிடிப்பது இதற்காகத்தான்.

இதற்கு மருந்து மாஸ்க். அதே அட்ஜஸ்ட்மென்ட் லேயரை நகல் எடுத்து அசல் லேயருக்குக் கீழே வையுங்கள். மேலே இருந்தால் ஏற்கெனவே நீலமான படத்தைத்தான் அது பார்க்கும். வலது பக்க எண்களை 28, 34 என்று அகலப்படுத்துங்கள். Saturation மைனஸ் 40. மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, சின்ன வெள்ளை பிரஷ்ஷால் பூவும் இலையும் ஒட்டுகிற ஓரத்தில் மட்டும் ஓட்டுங்கள். பழுப்புக் கோடு மங்கலான நீலமாகி இலையோடு அடங்கிவிடும். காம்புப் பக்கம் பிரஷ் போகக்கூடாது, அவ்வளவுதான். ஒரு பூவுக்கு அரை நிமிஷம். கேட்டலாக்குக்காக 1080 பிக்ஸலுக்குச் சுருக்குவதாக இருந்தால் இந்த வேலையே தேவைப்படாமலும் போகலாம். அந்த அளவில் கோடு தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் Hue-Saturation இருக்கிறது, ஆறு நிறப் பொத்தான்களும் Overlap ஸ்லைடரும் உண்டு. ஆனால் இந்த நான்கு எண்களை இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. அதனால் காம்பைக் காப்பாற்ற முதலில் ஒரு செலக்‌ஷன் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

திரையில்: அதே சேலை, பூ மாம்பழக் கலரில்.

அடுத்த கலர். அக்கா போனில் "பச்ச" என்றார். நான் இலைப் பச்சையாக்கி அனுப்பினேன். திட்டு விழுந்தது. தெலுங்கில் வெறும் பச்ச என்றால் பலருக்கு மஞ்சள், ஆகுபச்ச என்றால்தான் நம் பச்சை. அன்றிலிருந்து கலர் பெயரை நம்புவதில்லை. கட் பீஸ் வந்தால்தான் வேலை.

மஞ்சளில் வேறொரு தொல்லை. ஹ்யூ பிளஸ் 47 வைத்தால் 358 போய் 45-இல் நிற்கும். எண் சரி, ஆனால் பூ பல்பு போல எரிகிறது. ஸ்லைடர் தன் கணக்கில் வெளிச்சத்தை மாற்றவில்லை. நம் கண்ணுக்கு மட்டும் அதே அளவு மஞ்சள் சிவப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசம். நீலத்தில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் 215-இன் நீலமும் இந்தச் சிவப்பும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்று. 240-க்குப் போயிருந்தால் பூ இருண்டிருக்கும். ஆகவே மஞ்சளுக்கு Lightness-ஐக் கொஞ்சம் இறக்கி, திரையில் கட் பீஸின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் மைனஸ் 15-இல் நின்றேன். நிறையக் குறைத்தால் சேறு கலந்த மாதிரி ஆகிவிடும்.

திரையில்: வேறொரு சேலை. சிவப்புப் பூ, அரக்கு பார்டர்.

கடைசியாக இது. இந்தப் பூ 357, இந்தப் பார்டர் 355. அரக்கு என்பது இருண்ட சிவப்புதான், ஹ்யூ வட்டத்தில் இரண்டும் ஒரே வீடு. நான்கு எண்களை எப்படி நெருக்கினாலும் இரண்டும் சேர்ந்தேதான் மாறும். இதில் பார்டரை லாசோவால் சுற்றி மாஸ்க்கில் கறுப்பாக்கிவிட்டுத்தான் ஹ்யூவைத் தொடுவேன். அதற்குக் கூடுதல் நேரம் ஆகும், அக்காவிடம் அதற்கு ரேட்டும் தனி.