தீபாவளி போனஸும் அடகில் இருந்த வளையலும்

நேயர்களுக்கு வணக்கம். என் தம்பி சேலத்தில் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறான். மாதம் 18,000 ரூபாய் சம்பளம். சூரமங்கலம் உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நின்று வாதாடுகிறவன். போன தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாக வந்தது. மறுநாளே 27,500 ரூபாய்க்கு டிவி வந்து இறங்கியது. போனஸ் முழுவதும் முன்பணம், மீதி தவணை. ஸ்டெபிலைசர், சுவரில் மாட்டும் சட்டம் என்று இன்னும் 2,500.

அப்போது அவன் மனைவியின் வளையல்கள் 20,000 ரூபாய்க்கு அடகில் இருந்தன. நூற்றுக்கு ஒன்றரை வட்டி, மாதம் 300 ரூபாய். "போனஸோடு இரண்டாயிரம் சேர்த்து வளையலை மீட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "வட்டி சம்பளத்தில் போகிறது. இது வேறு கணக்கு அண்ணா" என்றான்.

அந்த 'வேறு கணக்கை'த்தான் ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். 2017இல் நோபல் பரிசு பெற்றவர். அதற்கு அவர் வைத்த பெயர் மனக்கணக்கு. பள்ளியில் வாய்க்குள் முணுமுணுத்துப் போட்டோமே, அந்த மனக்கணக்கு அல்ல இது. பணத்துக்கு மனம் ஒட்டும் பெயர்ச்சீட்டு. எந்தச் சீட்டு ஒட்டினாலும் ரூபாய் ரூபாய்தான். செலவாகும் விதம் மட்டும் மாறிவிடுகிறது. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவன் உழைத்த பதின்மூன்றாவது மாதச் சம்பளம் என்றே சொல்லலாம். ஆனால் பட்டாசு வாசனையோடு கைக்கு வருவதால் அது பரிசாகத் தோன்றுகிறது.

இதில் தொகையின் அளவுக்கும் பங்கு உண்டு. நாஜிக் கொடுமைகளுக்காக ஜெர்மனி தந்த இழப்பீட்டைப் பெற்ற இஸ்ரேலியக் குடும்பங்களைப் பற்றி மைக்கேல் லான்ட்ஸ்பெர்கர் என்ற பொருளாதார அறிஞர் 1966இல் எழுதினார். பெருந்தொகை பெற்றவர்கள் பெரும்பகுதியைச் சேமித்தார்கள். ஆண்டு வருமானத்தில் ஏழு சதவீதம் போலச் சிறு தொகை பெற்றவர்களோ, வந்ததைப் போல இரு மடங்கு செலவழித்தார்கள். என் தம்பியின் போனஸும் ஏறத்தாழ அந்த அளவுதான். பதினெட்டாயிரம் வந்தது, முப்பதாயிரம் போனது. பன்னிரண்டாயிரம் வரப்போகும் சம்பளத்திலிருந்து.

எல்லாச் சீட்டையும் கிழித்தெறியச் சொல்லவில்லை. மகள் பள்ளிக் கட்டணத்துக்கென்று அவன் மனைவி பருப்பு டப்பாவில் பணம் வைத்திருக்கிறாள். அதை எடுத்து அடகை அடைத்திருந்தால் வட்டி மிச்சம்தான். ஆனால் காலியான டப்பா ஜூன் மாதத்துக்குள் மறுபடி நிரம்பியிருக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஆண்டு புது மிக்சி வாங்கக் கிளம்பியவனிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஆடி மாதச் சம்பளத்தில் இதை வாங்குவீர்களா?" செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மறுநாள் இருவருமாக அடகுக் கடைக்குப் போனார்கள்.