உறையில் இல்லாத நால்வர்

நண்பர்களே, 1965 ஜனவரி 20 அன்று ஹாலிவுட்டில், கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் இசைத்தட்டு அங்கே பதிவாகிறது. பாட்டு, பாப் டிலன் எழுதிய 'மிஸ்டர் டாம்பரின் மேன்'. குழுவில் ஐந்து பேர். கருவி வாசித்தவரோ ஒரே ஒருவர், பன்னிரண்டு தந்தி கிதார் வைத்திருந்த மெக்குவின். ஜீன் கிளார்க்கும் கிராஸ்பியும் பாடினார்கள், அவ்வளவுதான். டிரம்மில் ஹால் பிளெய்ன், பேஸ் கிதாரில் லாரி நெக்டல், இன்னொரு கிதாரில் ஜெரி கோல், மின்பியானோவில் லியான் ரஸ்ஸல். நால்வரும் கூலிக்கு வந்த கலைஞர்கள்.

தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சர் ஏன் இப்படிச் செய்தார்? குழுவின் டிரம் கலைஞர் மைக்கேல் கிளார்க் புதியவர். சொந்தமாக டிரம் வாங்கப் பணமில்லாமல் அட்டைப் பெட்டிகளைத் தட்டிப் பழகியவர். பேஸ் வாசித்த ஹில்மன் அதுவரை மாண்டலின் கலைஞர். கூடத்திலோ தொழிற்சங்கக் கணக்குப்படி ஓர் அமர்வு மூன்று மணி நேரம். அதைத் தாண்டினால் கூடுதல் கூலி.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் காலப்பிரமாணம். பழக்கமில்லாத கை, பல்லவி வந்ததும் உற்சாகத்தில் கொஞ்சம் ஓடிவிடும். மேடையில் அது யாருக்கும் தெரியாது. ஒலிநாடாவில் தெரியும். ஒரு பதிவின் முன்பாதியை வெட்டி இன்னொரு பதிவின் பின்பாதியோடு ஒட்ட வேண்டுமானால் இரண்டும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய இடத்தில் பாட்டு தடுக்கி விழும். பிளெய்ன் பத்து முறை வாசித்தாலும் வேகம் மாறாது. தயாரிப்பாளர் காசு கொடுத்தது அந்த நம்பகத்துக்குத்தான்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். கிதார் மணிமணியாக இறங்க, அடியில் பேஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அது நெக்டலின் விரல். பாட்டு முடியும்வரை என் காது அதைத்தான் தேடும்.

மூன்று மணி நேரத்தில் இரண்டு பாடல்கள் முடிந்தன. பின்னர் 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டைக் குழுவே வாசித்தபோது எழுபத்தேழு முறை எடுக்க வேண்டியிருந்தது என்று மெக்குவினே சொல்லியிருக்கிறார். ஆனால் அதுவும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆகவே குழுவுக்குத் திறமை இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது நேரம். முதல் நாளில் அதைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

மெல்ச்சரின் முடிவை நான் குறை சொல்லவில்லை. மறைத்ததைத்தான் சொல்கிறேன். ஆல்பத்தின் உறையில் ஐந்து முகங்கள் இருந்தன, இந்த நால்வரின் பெயர் இல்லை. பாட்டு எத்தனை லட்சம் விற்றாலும் இவர்களுக்கு உரிமைத்தொகை கிடையாது. அன்றைய கூலியோடு சரி. யார் வாசித்தார்கள் என்பது இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அதற்குக் கூலி கொடுப்பதற்காகச் சங்கத்தில் நிரப்பிய படிவங்களும் ஒரு காரணம். இசைத்தட்டு உறை சொல்லாத பெயர்களைச் சம்பளத் தாள் வரிசையாக எழுதி வைத்திருந்தது.