20 ரூபாய் பாட்டிலில் தண்ணீரின் விலை 15 பைசா! மீதிப் பணம் எதற்குப் போகிறது?

[திரையில்: மேசைமேல் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் ஒரு பத்துப் பைசா நாணயம், ஓர் ஐந்து பைசா நாணயம்.]

வணக்கம். இந்த நாணயங்களைத் தேடி எடுக்க எனக்கு இரண்டு நாளானது. கடைசியில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் கிடைத்தன. இவை இரண்டையும் கூட்டினால் 15 பைசா. இந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை வாங்கி, வடிகட்டி, கிருமி நீக்கி முடிக்க ஆகும் செலவு ஏறக்குறைய இதுதான்.

அப்படியானால் தண்ணீர் நிறுவனங்கள் எல்லாம் கொள்ளையடிக்கின்றனவா என்று கருத்துப் பகுதியில் எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கணக்கு வேறு இடத்துக்குப் போகிறது.

ஒரு சிறிய ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஷிப்டில் 10,000 ஒரு லிட்டர் பாட்டில்கள். நான் சொல்லப்போகும் விலைகள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் பிளாஸ்டிக் விலையும் லாரித் தண்ணீர் விலையும் மாறினால் பைசாக்கள் மாறும். எந்தச் செலவு பெரியது, எது சிறியது என்பது அவ்வளவு எளிதில் மாறாது.

முதலில் தண்ணீர். இதை வேகமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் விரிவாகச் சொல்கிறார்கள். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதா விளக்கு, ஓசோன். ஆர்.ஓ. என்பது உள்ளே போகும் தண்ணீர் முழுவதையும் நல்ல தண்ணீராகத் தராது. நூறு லிட்டர் உள்ளே போனால் அறுபது லிட்டர் நல்லது, நாற்பது லிட்டர் உப்புக் கழிவு என்று வைப்போம். ஆகவே 1,000 லிட்டர் குடிநீருக்கு 1,667 லிட்டர் வாங்க வேண்டும். ஆயிரம் லிட்டர் 60 ரூபாய் என்றால் 100 ரூபாய். மின்சாரம் 3 யூனிட், 24 ரூபாய். சவ்வு, வடிகட்டிக் குழாய்கள், மருந்துகள் சேர்த்து 26 ரூபாய். மொத்தம் 1,000 லிட்டருக்கு 150 ரூபாய். லிட்டருக்கு 15 பைசா. முடிந்தது.

இப்போது பாட்டில்.

[திரையில்: சோதனைக்குழாய் போன்ற கண்ணாடி நிற பிளாஸ்டிக் குழாய்.]

இதற்குப் பெயர் பிரிஃபார்ம். பாட்டில் பிறப்பதற்கு முந்தைய உருவம். கழுத்தும் மரையும் முழுதாக இருக்கும். உடல் மட்டும் குட்டியாக, தடிமனாக இருக்கும். இதை அகச்சிவப்பு விளக்குகளுக்கு நடுவே ஏறக்குறைய 100 டிகிரிக்குச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்து, ஒரு கம்பியால் நீட்டி, அழுத்தக் காற்றை உள்ளே விட்டால் பலூன் போல ஊதி அச்சின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். நான் முதன்முறை பார்த்தபோது பத்து நிமிடம் வாய் பிளந்து நின்றேன். ஆலை மேலாளர் தொண்டையைச் செருமித்தான் என்னை அங்கிருந்து நகர்த்தினார்.

20 கிராம் பிரிஃபார்ம், கிலோ 110 ரூபாய் வீதம், 2 ரூபாய் 20 பைசா. ஊதுவதற்கான மின்சாரம் 25 பைசா. மூடி 25 பைசா. லேபிள் 20 பைசா. பன்னிரண்டு பாட்டில்களைக் கட்டும் சுருங்கு உறை, பாட்டிலுக்கு 30 பைசா. கூலி, ஆய்வகச் சோதனை, உரிமக் கட்டணம், வாடகை எல்லாம் சேர்த்து ஷிப்டுக்கு 6,500 ரூபாய், அதாவது பாட்டிலுக்கு 65 பைசா. தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். சரியாக நான்கு ரூபாய்.

பாதிக்கு மேல் அந்தக் குட்டிக் குழாய்தான். மூடி ஒன்றே தண்ணீரைவிட விலை அதிகம்! நாம் தண்ணீர் வாங்குவதாக நினைத்துக்கொண்டு மூடியை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பத்தாயிரம் பிரிஃபார்ம் உள்ளே போனால் பத்தாயிரம் பாட்டில் வெளியே வராது. கழிக்கப்படும் பாட்டில்களின் செலவை யார் தருகிறார்? நல்ல பாட்டில்தான் தருகிறது. வகுப்பில் ஒருவன் கண்ணாடியை உடைத்தால் மற்றவர்கள் எல்லோரும் காசு போடுவது போல.

எதனால் கழிக்கிறார்கள்? பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முத்துச் சிப்பியின் உட்புறம் போல வெள்ளையாக மினுங்கினால், பிரிஃபார்ம் போதிய சூடு ஏறாமல் இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பனி படர்ந்த கண்ணாடி போல மங்கலாக இருந்தால், சூடு அதிகமாகிப் பிளாஸ்டிக் உள்ளேயே படிகமாக ஆரம்பித்துவிட்டது. இரண்டும் பார்வைக்கு வெள்ளைதான், மருந்து நேர்எதிர். புதிதாக வேலைக்கு வந்தவர் மங்கலைப் பார்த்து விளக்கின் சூட்டைக் கூட்டிவிட்டால் அடுத்த ஐம்பது பாட்டிலும் குப்பைக்குத்தான். பாட்டிலின் அடியில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது நடுவிலிருந்து விலகியிருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கிறது.

இவை அதிகம் வருவது காலையில், இயந்திரம் சூடேறும் முதல் சில நிமிடங்களில். அப்புறம் மின்வெட்டின்போது. மின்சாரம் போன நொடியில் விளக்குகளுக்கு நடுவே நிற்கும் பிரிஃபார்ம்கள் பாதி வெந்த இட்லி மாதிரி. மறுபடி மின்சாரம் வந்ததும் அவற்றை ஊதினால் நல்ல பாட்டில் வருமென்று நம்ப முடியாது. எடுத்துப் போட வேண்டியதுதான்.

நம் ஆலையில் நூற்றுக்கு மூன்று கழிகிறது என்று வைப்போம். ஊதும்போது 150. நிரப்பி மூடும்போது, மூடி கோணலாக ஏறியோ வளையம் அறுந்தோ, 100. லேபிள் ஒட்டிய பிறகு 50. முதல் இடத்தில் கழிந்த பாட்டிலுக்கு இதுவரை செலவு 2 ரூபாய் 45 பைசா. இரண்டாவது இடத்தில் தண்ணீரும் மூடியும் சேர்ந்து 2.85. மூன்றாவது இடத்தில் 3.05. மொத்த இழப்பு 805 ரூபாய். 300 பாட்டில் என்பது ஆறு கிலோ பிளாஸ்டிக். பழைய பொருள் வியாபாரி கிலோவுக்கு 40 ரூபாய் தந்தால் 240 திரும்பி வரும். மிச்சம் 565 ரூபாயை 9,700 நல்ல பாட்டில்கள் சுமக்கின்றன, ஒன்றுக்கு ஏறக்குறைய 6 பைசா. ஷிப்டின் 6,500 ரூபாயும் இப்போது 9,700க்குத்தான் பிரிகிறது, 65 பைசா 67 ஆகிறது. ஆக நான்கு ரூபாய், 4 ரூபாய் 8 பைசா ஆனது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கழிந்த பாட்டில்களோடு கொட்டப்பட்ட தண்ணீர் 150 லிட்டர். அதன் மொத்தச் செலவு 22 ரூபாய் 50 பைசா. இரண்டு டீக்குக்கூட வராது.

சரி, கழிவு நூற்றுக்கு எட்டு ஆனால்? அதே விகிதத்தில் கணக்கிட்டால் நல்ல பாட்டில் ஒவ்வொன்றின் தலையிலும் 16 பைசா ஏறும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் மொத்தச் செலவைவிடக் கழிந்த பாட்டில்களின் செலவு அதிகமாகிவிட்டது! ஆர்.ஓ. சவ்வில் மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பும் முதலாளிகள் முதலில் ஊதும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் சாக்கை எட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு கேள்வி. இப்போதெல்லாம் பாட்டிலின் மூடியைத் திறக்கும்போது ஏன் பாட்டில் நசுங்கித் தண்ணீர் சட்டையில் தெறிக்கிறது? எனக்கு இது தனிப்பட்ட பகை. காரணம் இதுதான். பிரிஃபார்மை 20 கிராமிலிருந்து 18 கிராமாகக் குறைத்தால் பாட்டிலுக்கு 22 பைசா மிச்சம். மெலிந்ததை ஊதுவது கடினம், கழிவு கூடும். மூன்றிலிருந்து எட்டுக்கே போனாலும் கூடுதல் இழப்பு 14 பைசா அளவில்தான் நிற்கும். 8 பைசா லாபம், ஒரு ஷிப்டுக்குச் சுமார் 740 ரூபாய். ஆகவே மெலிந்த பாட்டில் ஜெயித்துவிடுகிறது, நம் சட்டை நனைகிறது.

ஆனால் ஆலைக்குள் பிடிபடாமல் தப்பிய ஓட்டைப் பாட்டில் ஒன்று லாரியில் கசிந்தால், கடைக்காரர் அந்த ஒரு பாட்டிலை மட்டும் திருப்பித் தர மாட்டார். பன்னிரண்டு பாட்டில் கட்டை அப்படியே தள்ளிவிடுவார், கிட்டத்தட்ட 49 ரூபாய் சரக்கு. ஐம்பது கட்டுக்கு ஒன்று இப்படித் திரும்பினால் அந்த 740 ரூபாய் லாபம் முழுவதும் போயிற்று. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அழுத்திப் பார்க்கும் அந்த ஊழியர் சும்மா விளையாடுவதில்லை.

நான்கு ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் நடுவே லாரி வாடகை, விநியோகஸ்தர், கடைக்காரர், குளிர்பெட்டி, விளம்பரம், வரி. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. ரயில் நீர் லிட்டர் பாட்டிலும் 15 ரூபாயிலிருந்து 14 ஆனது. இதற்குத் தனி வீடியோ போட வேண்டும், இங்கே விடுகிறேன்.

[திரையில்: கல்யாணப் பந்தி. ஒவ்வோர் இலைக்கும் ஒரு 200 மில்லி பாட்டில்.]

கடைசியாக இந்தக் குட்டிப் பாட்டில். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே இரண்டு மடக்கு குடித்துவிட்டு விட்டுவிடுவோமே, அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரை இதில் நிரப்ப ஐந்து பாட்டில் வேண்டும். ஒன்று 9.5 கிராம் என்றால் ஐந்தும் 47.5 கிராம், பெரிய பாட்டிலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். உடலைச் சிறிதாக்கலாம், கழுத்தைச் சிறிதாக்க முடியாது. அதே மூடி, அதே மரை, ஐந்து முறை. பிளாஸ்டிக் 5 ரூபாய் 23 பைசா, ஐந்து மூடி 1.25, லேபிள்கள் 60 பைசா, ஊதுவது 60 பைசா, தண்ணீர் அதே 15 பைசா. கூலியும் கட்டும் உறையும் சேர்க்காமலே லிட்டர் 7 ரூபாய் 83 பைசா.

அதே பந்தியில் ஒரு 20 லிட்டர் கேன் வைத்திருந்தால்? 160 ரூபாய் கேன் நாற்பது முறை திரும்பி வந்தால் லிட்டருக்கு 20 பைசா. மூடியும் முத்திரையும் 10 பைசா, கழுவுவது 10 பைசா, தண்ணீர் 15. ஆக 55 பைசா. கேனுக்கும் கழிவு உண்டு: யாரோ வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த கேன் திரும்பி வந்தால் எத்தனை கழுவினாலும் வாடை போகாது, மொத்தக் கேனும் நஷ்டம். அதனால்தான் நிரப்பும் இடத்தில் ஒருவர் ஒவ்வொரு கேனிலும் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த கல்யாணத்தில் ஒரு காலிக் குட்டிப் பாட்டிலை மூடியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் வந்தது என்று கீழே எழுதுங்கள். 12 கிராமுக்கு மேல் யாருக்காவது வந்தால் நானே கூப்பிடுகிறேன். அந்த ஆலை முதலாளியைப் பார்க்க எனக்கு ஆசை.